டெம்புரா ஏன் இரண்டாவது ஈட்டிலேயே நமுத்துப்போகிறது?

"மைதா, கார்ன்ஃப்ளார், ஐஸ் தண்ணீர் எல்லாம் போட்டுத்தான் வெஜிடபிள் டெம்புரா செய்கிறேன். முட்டை சேர்ப்பதில்லை. முதல் ஈடு ஓரளவு நன்றாக வருகிறது. இரண்டாவது ஈட்டிலிருந்து எண்ணெய் குடித்து, தட்டில் வைத்த ஐந்து நிமிடத்தில் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. இதே அடுப்பில், இதே வாணலியில் பஜ்ஜி பிரமாதமாக வருகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?"

முதல் ஈடு நன்றாக வருகிறது என்றால் உங்கள் மாவுக் கலவையில் பெரிய குறை எதுவும் இல்லை. முதல் ஈட்டுக்கும் இரண்டாவது ஈட்டுக்கும் நடுவில்தான் ஏதோ மாறுகிறது. சிங்கப்பூரில் ஒரு ஜப்பானிய உணவகத்தின் சமையலறையில் பல வருடம் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி பொரிக்கும் அடுப்பின் முன்னால்தான் போனது. இந்த இரண்டாவது ஈட்டுச் சிக்கலை அங்கே புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் பார்த்திருக்கிறேன். அந்த இடைவெளியில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடக்கின்றன. மாவு சூடேறிப் பழசாகிறது, எண்ணெய் சூடிறங்கித் தளர்கிறது. இரண்டும் சேர்ந்து வருவதால் எது காரணம் என்று தெரியாமல் மாவின் அளவை மாற்றிப் பார்க்கத் தோன்றும். அதை மாற்ற வேண்டாம்.

பஜ்ஜி ஏன் சரியாக வருகிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன், பாதி விடை அங்கேதான் இருக்கிறது. பஜ்ஜிக்கு நாம் போடுவது கடலை மாவு. அதில் குளூட்டன் கிடையாது. எவ்வளவு அடித்துக் கலக்கினாலும், அரை மணி நேரம் வைத்திருந்தாலும் அது இழுவையாக மாறாது. சொல்லப்போனால் நன்றாக அடித்தால் காற்று ஏறி பஜ்ஜி இன்னும் உப்பலாக வரும். மைதா அப்படி இல்லை. தண்ணீர் பட்ட நொடியிலிருந்து அதன் புரதங்கள் ஒன்றோடொன்று கைகோத்து ரப்பர் மாதிரி ஒரு வலை பின்னத் தொடங்கும். அந்த வலைதான் குளூட்டன். பரோட்டா மாவை அடித்துப் பிசைந்து ஊற வைப்பதெல்லாம் அந்த வலை வேண்டும் என்பதற்காகத்தான். டெம்புராவில் அந்த வலை உருவாகவே கூடாது. உருவானால் மேல்மாவு காயின் மீது தோல் மாதிரி இறுக்கமாகப் படியும். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேற வழி கிடைக்காது. எண்ணெயில் இருக்கும்போது மொறுமொறுப்பாகத் தெரிந்தாலும், வெளியே எடுத்ததும் சிக்கிக்கொண்ட ஈரம் மேல்மாவுக்குள் பரவி நமுத்துப்போகும். பஜ்ஜி கரைத்துப் பழகிய கை, டெம்புரா மாவையும் கட்டி இல்லாமல் கரைக்கத்தான் பார்க்கும். அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்.

குளிர்ந்த தண்ணீரின் வேலை இந்த வலை பின்னுவதைத் தாமதப்படுத்துவது. குளிரில் மைதா தண்ணீரை மெதுவாக உறிஞ்சும், புரதங்களும் மெதுவாகவே சேரும். இது உறுதியான விஷயம். தாமதப்படுத்தும் என்றுதான் சொல்கிறேன், நிறுத்தாது. ஐஸ் தண்ணீர் உங்களுக்குப் பத்து, பதினைந்து நிமிட அவகாசம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். குளிர்ந்த மாவு சூடான எண்ணெயில் விழும்போது ஏற்படும் அதிர்ச்சியால்தான் மொறுமொறுப்பு வருகிறது என்று ஒரு விளக்கமும் நிறைய இடங்களில் சொல்லப்படுகிறது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 5 டிகிரி மாவாக இருந்தாலும் 25 டிகிரி மாவாக இருந்தாலும் 170 டிகிரி எண்ணெய்க்கு முன்னால் அந்த வித்தியாசம் சின்னது. குளிர்ந்த மாவு எண்ணெயின் சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகக் குறைக்கவும் செய்கிறது. அந்தச் சின்ன நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டுதான் ஐஸ் தண்ணீர் போடுகிறோம், குளூட்டனைத் தள்ளிப்போட வேறு எளிய வழி இல்லை என்பதால்.

இங்கே நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். மே மாதத்துச் சென்னை சமையலறையில் டப்பாவில் இருக்கும் மைதாவே 33 டிகிரியில் இருக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த 4 டிகிரி தண்ணீரை அதில் ஊற்றினால், கலந்த அடுத்த நொடியே மாவு 10 டிகிரிக்குப் பக்கம் போய்விடும். பாத்திரமும் சூடாக இருந்தால் இன்னும் மேலே போகும். எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் அந்தக் கிண்ணத்தை வைத்துவிட்டு ஒரு ஈடு போட்டு எடுப்பதற்குள் அது 20 டிகிரியைத் தொட்டுவிடும். அதனால் தண்ணீரை மட்டும் குளிர வைத்தால் போதாது. மாவையும் கலக்கும் கிண்ணத்தையும் அரை மணி நேரம் ஃப்ரீஸரில் வையுங்கள். கலந்த பிறகு அந்தக் கிண்ணத்தை, ஐஸ் கட்டியும் தண்ணீரும் நிரப்பிய பெரிய பாத்திரத்துக்குள் உட்கார வையுங்கள். மாவுக்குள்ளேயே ஐஸ் கட்டியைப் போடாதீர்கள். அது கரையக் கரைய மாவு நீர்த்துப்போய், மூன்றாவது ஈட்டில் காயில் ஒட்டாமல் வழிந்துவிடும்.

இனி அளவு. ஜப்பானில் வீட்டுச் சமையலுக்கு வழக்கமாகச் சொல்வது, ஒரு முட்டையை உடைத்து அதோடு குளிர்ந்த தண்ணீர் சேர்த்து ஒரு கப் ஆக்கி, ஒரு கப் மாவு கலப்பது. அங்கே அதற்கு எடுப்பது ஹகுரிகிகோ என்ற புரதம் குறைந்த மாவு. நம் கடைகளில் கிடைக்கும் மைதாவில் அதைவிடப் புரதம் அதிகம். ஆகவேதான் கார்ன்ஃப்ளார் கலக்க வேண்டியிருக்கிறது. அது வெறும் மாவுச்சத்து, புரதத்தின் அளவைக் குறைத்துவிடும். முட்டை இல்லாமல் நான் செய்வது 75 கிராம் மைதா, 25 கிராம் கார்ன்ஃப்ளார், 165 மில்லி ஐஸ் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. இது இருபது, இருபத்தைந்து துண்டுகளுக்கு வரும். முட்டை இருந்தால் மேல்மாவுக்கு லேசான மஞ்சள் நிறமும் சுவையும் கிடைக்கும், காயில் நன்றாகப் பிடிக்கும். இல்லாவிட்டால் கொஞ்சம் வெளுப்பாக வரும். மொறுமொறுப்பில் இழப்பு எதுவும் இல்லை. கார்ன்ஃப்ளாருக்குப் பதில் அரிசி மாவு போடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். போடலாம், ஆனால் மேல்மாவு கொஞ்சம் கடினமாகி, கடிக்கும்போது டெம்புராவைவிடப் பக்கோடாவை நினைவூட்டும்.

கலப்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். கிண்ணத்தில் முதலில் தண்ணீரை ஊற்றி, அதன் மேல் சலித்த மாவை மொத்தமாகக் கொட்டுங்கள். தடிமனான இரண்டு குச்சிகளையோ, ஒரு ஃபோர்க்கையோ வைத்து மாவை மேலிருந்து கீழே குத்துவது போல் பத்து, பன்னிரண்டு முறை. அவ்வளவுதான், நிறுத்திவிடுங்கள். வட்டமாகச் சுழற்றவே வேண்டாம். ஓரத்தில் உலர்ந்த மாவு ஒட்டிக்கொண்டிருக்கும், நடுவில் பட்டாணி அளவுக்குக் கட்டிகள் மிதக்கும். அதைப் பார்த்தால் கை துறுதுறுக்கும், ஆனால் அப்படியே விட வேண்டும். எண்ணெயில் விழுந்ததும் அந்தக் கட்டிகள் தனித்தனியாகப் பொரிந்து மேல்மாவில் சொரசொரப்பைத் தரும். குச்சியைத் தூக்கினால் மாவு மோர் மாதிரி வேகமாக வழிய வேண்டும். தோசை மாவு மாதிரி நின்று நிதானமாக விழுந்தால் கெட்டி என்று அர்த்தம், ஒரு மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீர் சேருங்கள். நூலாக இழுத்துக்கொண்டு விழுந்தால் குளூட்டன் வந்துவிட்டது. அதற்குத் தண்ணீர் சேர்த்துப் பயனில்லை, புதிதாகத்தான் கலக்க வேண்டும்.

ஆகவே, உங்கள் இரண்டாவது ஈட்டுக்கு முதல் மருந்து இதுதான். மொத்த மாவையும் ஒரே நேரத்தில் கலக்காதீர்கள். நாலு பேருக்குச் செய்வதாக இருந்தால், மேலே சொன்ன அளவில் இரண்டு பங்கு தனித்தனியாக எடுத்து வையுங்கள். மாவை இரண்டு டப்பாவில் ஃப்ரீஸரிலும், தண்ணீரை இரண்டு டம்ளரில் ஃப்ரிட்ஜிலும் வைத்துக்கொண்டு, முதல் பங்கு தீரும்போது இரண்டாவதைக் கலக்குங்கள். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு மாலையில் பத்துப் பதினைந்து முறை மாவு கலப்போம். மீந்த மாவில் புதிய மாவைக் கலக்கவே மாட்டார்கள். ஒவ்வொரு காயையும் முக்கி எடுப்பதே ஒரு கலக்கல்தான் என்பதை நினைவில் வைத்தால், பத்து காய் முக்கி எடுத்த மாவு ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்பது விளங்கும்.

தண்ணீருக்குப் பதில் சோடா ஊற்றுவது, கொஞ்சம் வோட்கா சேர்ப்பது, ஆப்ப சோடா போடுவது என்று பல யோசனைகளைப் படித்திருப்பீர்கள். சோடாவில் இருக்கும் காற்றுக்குமிழ்கள் மேல்மாவை லேசாக்கும் என்பது உண்மை. ஆனால் கலந்த உடனே பொரித்தால்தான் அந்தப் பயன், கிண்ணத்தில் நிற்க நிற்கக் காற்று போய்விடும். மதுவில் உள்ள ஆல்கஹாலில் குளூட்டன் உருவாகாது, தண்ணீரைவிடச் சீக்கிரம் ஆவியாகவும் செய்யும், அதனால் அதுவும் வேலை செய்யும். ஆப்ப சோடாவை மட்டும் நான் தவிர்க்கிறேன். மேல்மாவு உப்பி, உள்ளே துளைகள் பெருகி, எண்ணெயை நிறையக் குடிக்கும். நிறமும் சீக்கிரம் சிவந்துவிடும். வலை பின்னிவிட்ட மாவை இவற்றில் எதுவும் மீட்டுத் தராது.

இப்போது எண்ணெய்க்கு வருகிறேன். உங்கள் சிக்கலில் பெரிய பங்கு இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன், எண்ணெய் குடிக்கிறது என்று நீங்களே எழுதியிருப்பதால். காய்கறிகளுக்கு 160 முதல் 175 டிகிரி வரை வேண்டும். கிழங்கு மாதிரி வேக நேரம் எடுப்பவை 160 பக்கம், சீக்கிரம் வேகும் கத்தரிக்காய், வெண்டைக்காய் 170க்கு மேல். எண்ணெய்க்கான தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். அது இல்லாவிட்டால், ஜப்பானிய வீடுகளில் தலைமுறையாகச் செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது. குச்சி நுனியில் மாவைத் தொட்டு ஒரு சொட்டு எண்ணெயில் விடுங்கள். அது அடிவரை போய், ஒரு நொடி தங்கி, மெதுவாக மேலே வந்தால் 160க்குப் பக்கம், கிழங்கு போடலாம். பாதி ஆழம் வரை இறங்கிவிட்டு உடனே மேலே வந்தால் 170, 180. இறங்கவே இறங்காமல் மேற்பரப்பிலேயே சிதறினால் 190ஐத் தாண்டிவிட்டது, அடுப்பைத் தணித்துக் காத்திருங்கள். இந்தச் சோதனை தெர்மாமீட்டர் அளவுக்குத் துல்லியமாக இருக்காது. மாவின் கெட்டித்தன்மையைப் பொறுத்து கொஞ்சம் மாறும். ஆனாலும் ஒவ்வொரு ஈட்டுக்கு முன்னாலும் செய்ய வேண்டிய சோதனை இது. முதல் ஈட்டுக்கு முன்னால் மட்டும் பார்த்துவிட்டு விடுவதுதான் நிறையப் பேர் செய்வது.

ஏன் ஒவ்வொரு முறையும் என்பதை ஒரு அனுபவத்தோடு சொல்கிறேன். என் வீட்டு கேஸ் அடுப்பில், ஒரு லிட்டர் எண்ணெயில் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு ஒரு நாள் பார்த்தேன். 175 டிகிரியில் ஐந்து துண்டு சர்க்கரைவள்ளிக்கிழங்கு போட்டதும் 160க்கு இறங்கியது. ஒன்றரை நிமிடத்தில் பழைய சூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அதே எண்ணெயைத் திரும்ப 175க்குக் கொண்டுவந்து பன்னிரண்டு துண்டு போட்டேன். 135க்கு விழுந்தது, தீயை முழுதாக வைத்தும் பொரித்து முடிக்கும்வரை 150ஐத் தாண்டவில்லை. அந்தப் பன்னிரண்டும் நீங்கள் சொன்ன மாதிரியேதான் வந்தன, வெளுத்து, கனத்து, விரலில் எண்ணெய் ஒட்டும்படி. காயும் மாவும் குளிர்ச்சியாக இருப்பதால் மட்டும் சூடு இவ்வளவு இறங்குவதில்லை. மாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாக மாறுவதற்கு ஏராளமான வெப்பம் வேண்டும், அதை எண்ணெயிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. டெம்புரா மாவில் பஜ்ஜி மாவைவிடத் தண்ணீர் அதிகம் என்பதால், ஒரே எண்ணிக்கையில் போட்டாலும் டெம்புரா எண்ணெயை அதிகமாகக் குளிர வைக்கும். பஜ்ஜிக்கு நிரம்பப் போட்டுப் பழகிய வாணலியில் டெம்புராவுக்கு அதே எண்ணிக்கை ஏன் ஒத்துவரவில்லை என்பதற்கு இதுவே காரணம்.

எண்ணெய்ப் பரப்பில் பாதிக்கு மேல் மாவு தெரியக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாணலியில் அது நாலைந்து துண்டுகள்தான். எண்ணெய் ஒரு லிட்டருக்குக் குறையாமல், மூன்று விரல் ஆழமாவது இருக்கட்டும். ஆழமான, அடி கனமான பாத்திரம் சூட்டைப் பிடித்துவைக்கும். ஒரு ஈடு எடுத்ததும் மிதக்கும் மாவுத் துணுக்குகளைக் கண்கரண்டியால் அரித்து எடுங்கள். விட்டால் கருகி எண்ணெயையும் கெடுத்து, அடுத்த ஈட்டிலும் கருப்புப் புள்ளியாக ஒட்டும். அந்த அரிக்கும் நேரமும், அடுத்த காய்களுக்கு உலர் மாவு தடவும் நேரமும் சேர்ந்து ஒரு நிமிடம் ஆகும், எண்ணெய் சூடேறிக்கொள்ள அது போதும். அப்புறம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு அடுத்த ஈடு. வீட்டில் நாலு பேர் பசியோடு காத்திருக்கும்போது இந்த ஒரு நிமிடம் நிற்பதுதான் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதற்குக் கீழே ஒரு வழி சொல்கிறேன்.

நாலு பேருக்கு ஒரு மாலை எப்படிப் போகும் என்று பார்ப்போம். சர்க்கரைவள்ளி, பீன்ஸ், கத்தரிக்காய், வெண்டைக்காய் நாலும் ஜப்பானிலும் டெம்புராவுக்குப் போடும் காய்கள்தான், நம் சந்தையிலும் எளிதாகக் கிடைக்கும். இதில் பீன்ஸுக்கு ஒரு பழைய உறவு உண்டு. போர்ச்சுகலில் பீன்ஸை மாவில் முக்கிப் பொரிக்கும் ஒரு பண்டத்துக்கு தோட்டத்துச் சின்ன மீன்கள் என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் நாகசாகி பக்கம் வந்த போர்த்துகீசியரிடமிருந்துதான் இந்தப் பொரிக்கும் முறை ஜப்பானுக்குப் போனது என்பது பரவலாக ஏற்கப்பட்டது. டெம்புரா என்ற சொல் எந்தப் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பதில்தான் கருத்து வேறுபாடு. சரி, காய்க்கு வருவோம்.

சர்க்கரைவள்ளியைத் தோலோடு 7 மில்லிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்குங்கள். அதைவிடக் கனமாக இருந்தால் மேல்மாவு முடிந்தாலும் கிழங்கு வேகாது. கத்தரிக்காயை நீளவாக்கில் பாதியாக்கி, காம்புப் பக்கத்தை வெட்டாமல் விட்டு விசிறி மாதிரி கீறுங்கள். வெண்டைக்காய் முழுசாகவே போகும், ஆனால் கத்தி நுனியால் ஒரு கீறல் கட்டாயம் போட வேண்டும். உள்ளே காற்றும் ஈரமும் அடைபட்ட காய் எண்ணெயில் வெடிக்கும், முகத்தில் தெறிக்கும். பச்சைமிளகாய், சின்னக் குடைமிளகாய்க்கும் இதே எச்சரிக்கை. கழுவிய காய்களைத் துணியில் ஒற்றி ஈரமே இல்லாமல் துடைத்து, மைதாவில் லேசாகப் புரட்டி உதறிவிடுங்கள். இந்த உலர் மாவுதான் கரைத்த மாவைக் காயோடு பிடித்துவைக்கும். பொரித்த பிறகு மேல்மாவு சட்டை மாதிரி கழன்று வருகிறது என்றால் இந்தப் படி தவறியிருக்கும்.

எண்ணெயின் சூட்டை ஏற்றுவது சுலபம், இறக்குவது கஷ்டம். அதனால் குறைந்த சூடு வேண்டிய சர்க்கரைவள்ளியில் தொடங்குங்கள். 165 டிகிரியில் ஐந்து துண்டு, மூன்று முதல் நாலு நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிவிட்டு. போட்டதும் பெரிய பெரிய குமிழிகள் பொங்கி, கனத்த சத்தம் வரும். தண்ணீர் குறையக் குறையக் குமிழிகள் சிறுத்து, சத்தம் மெலிந்து, சிர்ரென்று கூர்மையாகும். குச்சியால் துண்டைத் தொட்டால் ஆரம்பத்தில் தெரிந்த அதிர்வு அடங்கியிருக்கும், துண்டும் முன்பைவிட மேலே மிதக்கும். அப்போது எடுத்துவிடுங்கள். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பஜ்ஜி மாதிரி பொன்னிறம் வரட்டும் என்று காத்திருந்தால் இந்த மாவு அந்த நிறத்துக்கு வருவதற்குள் காய் வெந்து குழைந்துவிடும். வெளிர் மஞ்சள்தான் இதன் நிறம். சர்க்கரைவள்ளி முடிந்ததும் சூட்டை 170க்கு ஏற்றி பீன்ஸ், இரண்டு நிமிடம். பிறகு புதிய மாவு கலந்து, 175ல் கத்தரிக்காய் இரண்டு நிமிடம். முதலில் தோல் பக்கம் கீழே இருக்கட்டும். கடைசியாக வெண்டைக்காய், ஒன்றரை நிமிடம். நாற்பது துண்டு என்றால் எட்டு ஈடு, மொத்தம் அரை மணி நேரம்.

எடுக்கும் விதத்துக்கும் எண்ணெய் குடிப்பதற்கும் சம்பந்தம் இருக்கிறது. பொரியும்போது உள்ளிருந்து ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் எண்ணெய் அதிகம் உள்ளே போக முடியாது. வெளியே எடுத்து ஆறத் தொடங்கும்போது அந்த ஆவி அடங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் துண்டைத் தூக்கியதும் ஒரு முனை எண்ணெயைத் தொட்டபடி இரண்டு மூன்று நொடி பிடித்து, லேசாக உதறி, கம்பி வலைத் தட்டில் வையுங்கள். படுக்க வைக்காமல் ஒன்றின் மேல் ஒன்று படாமல் சாய்த்து நிறுத்தினால் இன்னும் நல்லது. டிஷ்யூ பேப்பரில் பரப்பிவைத்தால் அடிப்பக்கத்து ஆவி வெளியேற இடமில்லாமல் அங்கேயே நமுக்கும். மூடி போட்டு ஹாட்பேக்கில் வைப்பது இதைவிட மோசம், இரண்டே நிமிடத்தில் வீணாகிவிடும்.

இதோடு ஒரு எல்லையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தாலும் டெம்புராவின் மொறுமொறுப்பு ஐந்து, பத்து நிமிடத்துக்குத்தான். காயின் உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல வெளியே வந்து மேல்மாவை அடைந்தே தீரும். ஜப்பானில் டெம்புராவுக்கென்றே இருக்கும் கடைகளில், சாப்பிடுகிறவர் சமையற்காரருக்கு எதிரே உட்கார்ந்திருப்பார், ஒவ்வொரு துண்டும் எண்ணெயிலிருந்து நேராக அவர் முன்னால் வந்து விழும். ஒரு வழி சொல்கிறேன் என்று முன்பு சொன்னேனே, அது இதுதான். எல்லாவற்றையும் பொரித்து முடித்துவிட்டுப் பரிமாறாதீர்கள். வீட்டில் தோசை வார்த்துப் போடுவது போல, ஒரு ஈடு எடுத்ததும் தட்டில் போட்டுவிடுங்கள். நாலு பேருக்கும் ஆளுக்கு ஒன்று கிடைக்கும், அடுத்த ஈடு வரும்வரை எண்ணெயும் சூடேறிக்கொள்ளும். சாஸை மேலே ஊற்றாமல் தனிக் கிண்ணத்தில் கொடுங்கள். வெறும் உப்பு தொட்டுச் சாப்பிட்டாலே போதும், கத்தரிக்காய்க்கு மட்டும் சோயா சாஸும் துருவிய முள்ளங்கியும் எனக்குப் பிடிக்கும்.

அரித்து எடுத்த மாவுத் துணுக்குகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது பலருக்குத் தெரியாது. எண்ணெயில் ஊறிய அந்தத் துணுக்குகளைச் சூடாகக் குவித்துவைத்தால், உள்ளே வெப்பம் அடங்காமல் ஏறிக்கொண்டே போய்த் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். ஜப்பானில் தீயணைப்புத் துறையினர் இதைப் பற்றி உணவகங்களை எச்சரிப்பது வழக்கம். வீட்டில் வருவது கைப்பிடி அளவுதான் என்றாலும், தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகே குப்பையில் போடுங்கள். ஆறியதும் அவற்றையே நூடுல்ஸ் சூப்பில் தூவியும் சாப்பிடலாம்.

அடுத்த முறை இரண்டில் எது காரணம் என்று தெரிந்துகொள்ள, நமுத்துப்போன ஒரு துண்டை இரண்டாகப் பிட்டுப் பாருங்கள். மேல்மாவு கனமாக இருந்து, காயை ஒட்டிய பக்கம் வெள்ளையாகப் பசை மாதிரி தெரிந்தால் மாவு பழசாகிவிட்டது, அல்லது அதிகம் கலக்கிவிட்டீர்கள். மேல்மாவு மெல்லியதாகத்தான் இருக்கிறது, ஆனால் அழுத்தினால் விரலில் எண்ணெய் கசிகிறது என்றால் எண்ணெய் சூடேறுவதற்கு முன்னால் காய் விழுந்திருக்கிறது. இரண்டும் தெரிந்தால், முதலில் ஈட்டுக்கு நாலு துண்டு என்று குறைத்துப் பாருங்கள். மாவு கலப்பதை மாற்றுவது அதற்கு அடுத்த நாள்.